வெல்டிங் ராடுக்கு ஒரு கணக்கு: நிலைய மேலாண்மைக் குழுவினருக்குத் திறந்த மடல்

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் நிலைய மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தொழிலதிபர்களுக்கும், அக்குழுக்களின் உறுப்பினர் செயலராக இருக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் வெல்டர் பிரிவில் உதவிப் பயிற்சி அலுவலராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எங்கே வேலை பார்த்தேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மடல் அந்த ஒரு நிலையத்தைப் பற்றியதாகிவிடும். நான் சொல்ல வருவது பல நிலையங்களுக்கும் பொருந்தும்.

குழுக் கூட்டங்களில் உங்களில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "சார், பையன் சான்றிதழோடதான் வர்றான். ஒரு பிளேட்டை நிறுத்தி வெச்சு கீழயிருந்து மேல ஓட்டச் சொன்னா கை நடுங்குது." உண்மைதான். வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் வைக்கும் சோதனை பெரும்பாலும் இதுதான். 10 மி.மீ. தடிமன் கொண்ட இரண்டு பிளேட்டுகளை வி வடிவில் சீவி, செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலே வெல்டு வைக்கச் சொல்கிறீர்கள். முதல் ஓட்டமான ரூட் சரியாக விழுந்திருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறீர்கள். ரூட் விழாதவனைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பையன் ஓராண்டில் எத்தனை மணி நேரம் ஆர்க் எரித்திருப்பான் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா? போட்டுப் பார்த்தால் பட்டறைச் செலவு பற்றிய பேச்சு முழுவதும் வேறு திசையில் போகும்.

வெல்டர் ஓராண்டுப் படிப்பு. 2022இல் திருத்திய பாடத்திட்டத்தின்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி செய்முறை. காகிதத்தில் பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. இந்த 840க்குள் கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங், மிக், டிக் எல்லாம் அடக்கம். சாதாரண ராடு வெல்டிங்குக்கு 100 நாள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 20 மாணவர், பத்து பூத் என்றும் வைத்துக்கொள்வோம்.

3.15 மி.மீ. ராடு, 350 மி.மீ. நீளம். 110 ஆம்பியரில் வைத்தால் ஒரு ராடு எரிந்து முடிய ஏறக்குறைய 70 நொடி ஆகும். மாணவனுக்கு ஒரு நாளைக்கு 15 ராடு கொடுத்தால் அவன் கையில் ஆர்க் இருப்பது பதினேழரை நிமிடம். காலையிலிருந்து மாலை வரை பட்டறையிலேயே நிற்கும் மாணவனுக்குப் பதினேழரை நிமிடம்! மிச்ச நேரமெல்லாம் தகடு தேய்ப்பது, டேக் வைப்பது, ஸ்லாக் தட்டுவது, பிரஷ் போடுவது, பக்கத்துப் பையனுக்கு பூத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பது. 100 நாளுக்கு 1,500 ராடு. மொத்தம் 29 மணி நேர ஆர்க்.

ராடு எண்ணிக் கொடுக்கும் பட்டறையில் இது நாளைக்கு ஐந்து ராடு ஆகிவிடும். அப்போது ஓராண்டின் மொத்த ஆர்க் 10 மணி நேரத்துக்கும் குறைவு. உங்கள் வாசலில் கை நடுங்க நிற்பவன் அந்தப் பத்து மணி நேரக்காரன்தான். 840 மணி என்று சான்றிதழ் சொல்வதும் பொய்யில்லை, கை நடுங்குவதும் பொய்யில்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான்: செலவுத் திட்டத்தைத் தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று போடாமல், மாணவனுக்கு இத்தனை மணி நேர ஆர்க் என்று தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். எப்படிப் போடுவது என்று ஒரு பிரிவுக்கு முழுதாகக் காட்டுகிறேன். விலைகள் கடையில் கேட்கும் உத்தேச விலைகள். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறையைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ராடு ஒன்று நான்கு ரூபாய் என்றால், 20 பேருக்கு 30,000 ராடு, 1,20,000 ரூபாய். எல்லோரும் இத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்தது இரும்பு. 150க்கு 50, தடிமன் 10 மி.மீ. என்று இரண்டு துண்டு வெட்டினால் இரண்டும் சேர்ந்து 1.2 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் ஒரு ஜோடி 70 ரூபாய் சொச்சம். அந்த இணைப்பை நிரப்ப ஐந்தாறு ராடு போதும், 20 முதல் 24 ரூபாய். அதாவது வி இணைப்புப் பயிற்சி என்று வந்துவிட்டால் ராடைப் போல மூன்று மடங்கு இரும்புக்குப் போகிறது. ராடு தீர்ந்ததால் பயிற்சி நின்றது என்று வெளியே சொல்வோம். உள்ளே பார்த்தால் பல நாள் நின்றது பிளேட் இல்லாமல்தான்.

இதில் ஒரு சிக்கனம் பழைய பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் சில வாரங்களுக்கு இணைப்பே தேவையில்லை. 150க்கு 150 பிளேட் ஒன்றைக் கொடுத்து, அதன் மேல் ஓட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டமாக அடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு அடுக்கு நிறைந்ததும் அதன் மேல் குறுக்காக அடுத்த அடுக்கு. ஒரு அடுக்குக்கு 30 ராடுக்கு மேல் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து அடுக்கு, பிறகு திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து. ஆக ஒரே பிளேட் 300 ராடுக்கு மேல் தாங்கும். ஒரு மாணவனுக்கு நான்கு பிளேட் கொடுத்தால் 1,500 ராடில் 1,200 ராடு அந்த நான்கிலேயே போய்விடும். மீதி 300 ராடைத்தான் இணைப்புக்கு வைக்கிறோம், ஐம்பது ஜோடிக்கு, அதாவது சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு ஜோடி. இப்படிச் சிக்கனமாகத் திட்டமிட்டும் 20 பேருக்கு இரும்பு மட்டும் 1,300 கிலோவைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 80,000 ரூபாய்.

மூன்றாவதுதான் யாருடைய கணக்கிலும் வராமல் போவது. கருவிகள்.

ராடு தீரும், இரும்பு தீரும், அது கண்ணுக்குத் தெரிகிறது. ஹோல்டர் தீர்ந்துபோவது தெரிவதில்லை, ஏனென்றால் தீர்ந்த ஹோல்டரும் ஹோல்டர் மாதிரியேதான் இருக்கும். தினமும் மாணவர் கை மாறி மாறிப் புழங்கும் பட்டறையில் ஹோல்டரின் வாய் அரித்துப் போகிறது, ஸ்பிரிங் தளர்கிறது, கைப்பிடியின் காப்பு கருகி உதிர்கிறது. ராடு வாயில் இறுக்கமாக உட்காராமல் ஆடும்போது அந்த இடத்திலேயே சூடு பிறக்கிறது. எர்த் கிளாம்ப் உடைந்துபோனால் பல இடங்களில் ஒரு இரும்புத் துண்டைக் கேபிள் மேல் பாரமாக வைத்து ஓட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் கரண்ட் ஒரு நேரம் போகும், ஒரு நேரம் தயங்கும்.

இப்போது மாணவன் இடத்தில் நின்று பாருங்கள். மெஷினில் 110 என்று இருக்கிறது. ராடு ஒட்டிக்கொள்கிறது. மெஷின் கரண்ட் குறைவா, தன் கை ராடை மிகவும் நெருக்கிவிட்டதா, எர்த் தளர்ந்ததா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அனுபவக்காரன் கிளாம்பைத் தொட்டுப் பார்ப்பான், கேபிள் லக் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பான். புதியவன் கரண்டை ஏற்றிவிடுவான். 110க்குப் பதில் 140 வைத்துப் பழகுவான், அதுதான் சரி என்று கை கற்றுக்கொள்ளும். பிறகு நல்ல கேபிள், நல்ல கிளாம்ப் இருக்கும் உங்கள் தொழிற்சாலையில் அதே 140ஐ வைத்து ரூட்டில் பெரிய ஓட்டை போடுவான். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, பயிற்றுநர் சொல்லிக் கொடுக்கவில்லை என்பீர்கள். தேய்ந்த கருவி சும்மா இருப்பதில்லை, தினமும் தப்பாகப் பாடம் நடத்துகிறது. ஃபிட்டர் பிரிவிலும் இதே கதைதான். மொட்டை அரத்தைக் கொடுத்தால் பையன் பலம் கொடுத்து அழுத்துகிறான், அரம் ஏறி இறங்கி ஆடுகிறது, சமமாக வரவேண்டிய முகம் நடுவில் மேடாகிறது. பிறகு அரத்தை மாற்றினாலும் அந்த அழுத்தம் கையை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டியது வெள்ளைக் கண்ணாடி. ஷீல்டில் கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாதாரண வெள்ளைக் கண்ணாடி வைப்பது தீப்பொறி தெறித்துக் கருப்புக் கண்ணாடி கெடாமலிருக்க. விலை பத்து ரூபாய்க்குள்தான். இரண்டு வாரத்தில் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகிப் புகை படிந்து மங்கிவிடும். மாற்றாவிட்டால் மாணவனுக்கு உருகிய குளம் தெரியாது, ஆர்க்கின் ஒளி மட்டும் தெரியும். வெல்டிங் என்பதே குளத்தின் விளிம்பைப் பார்த்து ஓட்டுவது. ஒளியைப் பார்த்து ஓட்டுபவன் குருட்டாம்போக்கில்தான் ஓட்டுவான். தெரியவில்லை என்பதால் ஷீல்டைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பான். அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டது மாதிரி எரியும், மறுநாள் வர மாட்டான். "வெல்டிங் அடிச்சிருச்சு சார்" என்று இரண்டு நாள் கழித்து வருவான். பத்து ரூபாய்க் கண்ணாடிக்காக இரண்டு நாள் பயிற்சி போயிற்று, கண்ணும் கெட்டது.

20 மாணவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி என்று போட்டால், 100 பயிற்சி நாளுக்கு 200 கண்ணாடி, 2,000 ரூபாய். பத்து பூத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு ஹோல்டர், 8,000. எர்த் கிளாம்ப் பூத்துக்கு ஒன்று, 2,500. தோல் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, 6,000. வயர் பிரஷ் ஆளுக்கு மூன்று, 2,400. நான்கு அங்குல கிரைண்டிங் வீலும் கட்டிங் வீலுமாக 150, இன்னொரு 6,000. சேர்த்துப் பாருங்கள், 27,000 ரூபாய்க்குள் அடங்குகிறது.

ராடு, இரும்பு, கருவி எல்லாம் சேர்ந்து 2,27,000 ரூபாய். மாணவனுக்கு 11,350. மின்சாரம், கேஸ் இதில் சேரவில்லை. மொத்த ஆர்க் நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேர ஆர்க்குக்கு 390 ரூபாய். அடுத்த முறை நிதி பற்றிப் பேசும்போது இந்த ஒரு எண்ணை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டை 390ஆல் வகுத்து, பிறகு 20ஆல் வகுத்தால் இந்த ஆண்டு மாணவன் எத்தனை மணி நேரம் ஆர்க் எரிப்பான் என்று தெரிந்துவிடும். பத்து மணி நேரம் என்று வந்தால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வாயிற்கதவில் பையனைக் குறை சொல்ல நாக்கு வராது.

பணம் எவ்வளவு என்பதற்குச் சமமாக, பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பயிற்சியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. புதியவனுக்கு ராடு அதிகம் தேவைப்படுவது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, கை பழகும் காலத்தில். ஒதுக்கீடு தாமதமாகி, நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்று மார்ச்சில் அவசரமாக வாங்கினால் என்ன ஆகும்? அப்போது மாணவர் மிக், டிக் பக்கம் போயிருப்பார்கள். வாங்கிய ராடு அடுத்த ஆகஸ்ட் வரை ஸ்டோரில் தூங்கும். மீதமாவது ஐப்பசி, கார்த்திகை மழையையும் பார்த்துவிடும்.

ஈரம் குடித்த ராடு எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தொழிற்சாலையில் அதற்கென்று ஓவன் வைத்திருக்கிறீர்கள். பட்டறையில் வைத்திருப்பது அரிது. ஆர்க் படபடவென்று வெடிக்கும், பொறி அதிகம் தெறிக்கும், ஓட்டத்தில் ஊசித் துளை விழும், மேல்பூச்சு விரலால் தேய்த்தாலே உதிரும். இதிலும் மாணவன் தன் கையைத்தான் சந்தேகிப்பான். சாதாரண 6013 ராடை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேல் சுட்டால் அதுவும் கெடும், அந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். 7018க்கு இது போதாது, 300 முதல் 350 டிகிரி வேண்டும், அதைப் பட்டறையில் தகரப் பெட்டி வைத்துச் செய்ய முடியாது. 6013ஐக் காப்பாற்றி வைக்க, தகரப் பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டாலே போதும். ராடின் நுனிக் கம்பி துருப்பிடித்து, பூச்சில் விரிசல் விழுந்துவிட்டால் உலர்த்தியும் பயனில்லை. அதைத் தூக்கிப் போட வேண்டும். தூக்கிப் போட்டால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று அதையே மாணவனிடம் கொடுப்பதும் நடக்கிறது.

எனவே வாங்குவதை மூன்று தவணையாகப் பிரியுங்கள். பாதியை ஜூலை முடிவதற்குள் இறக்க வேண்டும். நவம்பரில் கொஞ்சம், ஜனவரியில் மீதி. அரசு ஒதுக்கீடு அந்த நேரத்தில் வராது என்றால், அந்த இடைவெளியை மூடத்தான் குழுவின் சொந்த நிதி இருக்கிறது. 2007-08இல் தொடங்கிய திட்டத்தில் நாடெங்கும் 1,396 அரசு நிலையங்களுக்கு, நிலையத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக மேலாண்மைக் குழுச் சங்கத்தின் பெயரிலேயே கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் வந்த நிலையங்களில் செலவை முடிவு செய்யும் இடம் உங்கள் மேசைதான். மெஷின் வாங்கத் தீர்மானம் போடுவது எளிது, திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். வெள்ளைக் கண்ணாடிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களை ஏறக்குறைய 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தியதை நான் வரவேற்கிறேன். அந்த மெஷின்களுக்கும் கம்பி, டிப், வீல் என்று தினசரித் தீனி உண்டு, அதைத் தனித் தலைப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்க வேண்டும் என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். வெல்டிங் சிமுலேட்டர் வந்துவிட்டதே, ராடு மிச்சம்தானே என்று ஒரு முறை கேட்டார்கள். கோணமும் வேகமும் பழக அது நல்லது. அதில் சூடு இல்லை, ஸ்லாக் குளத்தை முந்திக்கொண்டு ஓடுவதில்லை, பொறி கழுத்துக்குள் விழுவதில்லை. இதெல்லாம் இருக்கும்போதும் நடுங்காமல் நிற்பதைத்தான் கை கற்க வேண்டும்.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த விலைக்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. விவரக்குறிப்பை ஒழுங்காக எழுதாததுதான் குறை. "வெல்டிங் ராடு, 3.15" என்று மட்டும் எழுதினால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். ஐ.எஸ். 814 முத்திரை, வகை, நீளம், தயாரித்த மாதம் எல்லாம் எழுதுங்கள். சரக்கு வந்ததும் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏதாவது ஒரு பெட்டியிலிருந்து ஐந்து ராடு எடுத்துப் பயிற்றுநர் எரித்துப் பார்க்கட்டும். பூச்சு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால், ராடின் நுனி நகத்தைச் சாய்வாக வெட்டியது மாதிரி ஒரு பக்கமாகவே எரியும், ஆர்க் ஒரு பக்கம் இழுக்கும். ஐந்தில் இரண்டு இப்படி எரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம். ஆறு நிமிட வேலை.

கருவி மாற்றுவதில் பணத்தைவிடப் பெரிய தடை பதிவேடு. இருப்புப் பதிவேட்டில் 20 ஹோல்டர் என்று இருக்கும். அதில் பதினான்கு உடைந்து அலமாரிக்கடியில் கிடக்கும். கழிவு செய்ய ஆண்டுக்கொரு முறை குழு அமைத்து, பட்டியல் போட்டு, மேலிடத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதுவரை காகிதத்தில் 20 ஹோல்டர் இருப்பதால் புதிதாகக் கேட்டால் "இருக்கிறதே" என்று பதில் வரும். இன்னொரு விசித்திரமும் உண்டு. புதிதாக வந்த நல்ல கருவியை அலமாரியில் பூட்டி வைப்பார்கள், உடைந்தால் பயிற்றுநர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று. ஆய்வுக்கு வருபவர்களுக்கு அதைக் காட்டலாம். மாணவன் கைக்கு அது வருவதேயில்லை. பயிற்றுநரைக் குற்றம் சொல்லாதீர்கள், ஓய்வுபெறும் நாளில் சம்பளப் பாக்கியில் பிடிப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

இதற்கு வழி, ஹோல்டர், கிளாம்ப், கண்ணாடி, கையுறை, பிரஷ், சிப்பிங் சுத்தி இவற்றை ராடு மாதிரியே தீரும் பொருள் என்று குழு தீர்மானம் போட்டு, முதல்வர் மூலம் துறையிடம் ஒப்புதல் பெறுவது. அதன் பிறகு விதி எளிது: உடைந்ததைக் கொண்டு வா, புதியதை எடுத்துப் போ. உடைந்தவை ஒரு டிரம்மில் சேரட்டும், மாதக் கடைசியில் எண்ணி எழுதினால் போதும். பயிற்றுநரின் கையில் மாதம் 3,000 ரூபாய் சில்லறை முன்பணம் இருந்தால் கண்ணாடி உடைந்த அன்றே கடைக்கு ஆள் அனுப்பலாம். 2,000 ரூபாய்க் கண்ணாடிக்கு மூன்று கொட்டேஷன் வாங்கும் நேரத்தில் ஒரு பிரிவே கண் கெட்டு உட்கார்ந்துவிடும்.

நாளைக்கு 300 ராடு கொடுத்தால் வெளியே போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராடு எரிந்ததற்கு அடையாளம் அதன் அடிக்கட்டை. காலையில் 15 ராடு வாங்கியவன் மாலையில் 15 அடிக்கட்டை திருப்பித் தர வேண்டும். அடிக்கட்டை 50 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் வீணடிக்கிறான். மிகவும் குட்டையாக இருந்தால் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஹோல்டர் வாய் வரை எரித்து ஹோல்டரைக் கெடுக்கிறான். ராடு எண்ணிக் கொடுக்கும் பட்டறைகளில் இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். நாலு ரூபாய் ராடில் ஐம்பது பைசா மிச்சம் பிடிக்கப் போய் 400 ரூபாய் ஹோல்டர் கருகுகிறது. அடிக்கட்டைகளை எடை போட்டு வைத்தால் எந்த ஆடிட்டரிடமும் காட்டலாம்.

கடைசியாக, பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேட்பது ஒன்று. 2,27,000இல் 80,000 இரும்புக்குப் போகிறது என்றேன். திருச்சிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பிளேட் கட்டிங் முடிந்ததும் மூலையில் குவியும் துண்டுத் தகடுகளை ஸ்கிராப் விலைக்குத்தான் போடுகிறீர்கள். 8 முதல் 12 மி.மீ. தடிமனில், கை அகலத்துக்குக் குறையாத துண்டாக மாதம் 150 கிலோ ஒதுக்கினால் ஒரு பிரிவின் ஆண்டுத் தேவை முடிந்துவிடும். நிலையத்துக்கு வண்டி வாடகை மட்டும் ஆகும். அந்த 80,000 ரூபாயை ராடுக்கும் கருவிக்கும் திருப்பலாம்.

அனுப்புவதற்கு முன் உங்கள் ஸ்டோர் ஆளிடம் சில விஷயம் சொல்லிவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், அந்தப் புகை மாணவனுக்குக் காய்ச்சல் கொண்டுவரும். பெயின்ட், ரப்பர், எண்ணெய் ஒட்டியதும் வேண்டாம். ஸ்பிரிங் பட்டை, தேய்மானம் தாங்கும் பிளேட் போன்ற கடினமான உருக்கைக் கலந்துவிடக் கூடாது. அதில் 6013 ராடு வைத்தால் ஓரத்தில் விரிசல் விழும், மாணவன் தன் தப்பு என்று நினைப்பான். பழைய டிரம், டேங்க் எதையும் எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் நெருப்புக் காட்டினால் வெடிக்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் மட்டும், வண்ணக் குறி வைத்து, தனியாகக் கட்டி அனுப்புங்கள். முதல் லோடு ஜூலை மாதத்துக்குள் வந்துவிட்டால், ஆகஸ்டில் சேரும் பையன்களும் பெண்களும் முதல் வாரத்திலேயே பிளேட்டில் ஓட்டம் வைக்கத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர், வெல்டர் பிரிவு